'மொத்தமா ஆர்டர் வேணும்', 'தப்பா கூடுதலா அனுப்பிட்டேன்': ஆன்லைனில் விற்பவர்களைக் குறிவைக்கும் மோசடியை முதல் அழைப்பிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

பெங்களூரு பிரேசர் டவுனில் நீங்கள் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பகலில் ஐடி வேலை, வார இறுதியில் ஓவன். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், கூகுள் மேப்பில் ஒரு முகவரி, இரண்டிலும் உங்கள் மொபைல் எண். டிசம்பர் முதல் வாரம், புதன்கிழமை காலை 11 மணிக்கு ஒரு அழைப்பு வருகிறது.

"மேடம், ஆர்மில இருந்து பேசுறேன். எங்க யூனிட் பங்ஷனுக்கு அரை கிலோ பிளம் கேக் 80 பீஸ் வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் அனுப்பி எடுத்துக்கிறோம். ஒண்ணு எவ்வளவு?"

"450 ரூபாய் சார்."

"ஓகே. மொத்தம் 36,000. பாதி அட்வான்ஸ் இப்பவே போட்டுடறேன். உங்க ஜிபே நம்பர் இதுதானா?"

இந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் மையம் பக்கத்திலேயே அல்சூர் ஏரியோரம் இருக்கிறது. ராணுவச் சீருடை இந்தத் தெருக்களில் அன்றாடம் பார்க்கும் ஒன்று. மோசடி செய்பவருக்கும் அது தெரியும். அவர் பேசுவது எங்கோ இருந்து என்றாலும், மேப்பில் உங்கள் கடையைப் பார்க்கும்போதே பக்கத்தில் இருக்கும் ராணுவ வளாகத்தையும் அவரால் பார்க்க முடியும்.

இந்த உரையாடல் கற்பனை. ஆனால் இதன் ஒவ்வொரு படியும் பல ஊர்களில் காவல்துறையிடம் வந்த புகார்களில் திரும்பத் திரும்ப வருவதுதான். இந்த ஆர்டர் எங்கே போய் முடிகிறது என்று பார்ப்பதற்கு முன், இதே முறையில் நடந்த உண்மைச் சம்பவம் ஒன்றைப் பார்த்துவிடலாம்.

2021 பிப்ரவரி, டெல்லி: ஒரு சோபா, இரண்டு க்யூஆர் கோடு

டெல்லியின் அப்போதைய முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள், பழைய சோபா ஒன்றை விற்க ஓஎல்எக்ஸ் தளத்தில் விளம்பரம் கொடுத்தார். வாங்குவதாகச் சொன்னவர், கணக்கு சரிதானா என்று பார்ப்பதற்காக முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பினார். அது உண்மையாகவே வந்து சேர்ந்தது. பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, இதை ஸ்கேன் செய்தால் மீதிப் பணம் வந்துவிடும் என்றார். ஸ்கேன் செய்ததும் கணக்கிலிருந்து 20,000 ரூபாய் போனது. கேட்டதற்கு, 'தவறான கோடு அனுப்பிவிட்டேன், இதை ஸ்கேன் செய்யுங்கள், அதுவும் சேர்ந்து திரும்பி வரும்' என்று இன்னொரு கோடு வந்தது. அதில் 14,000 ரூபாய் போனது. மொத்தம் 34,000.

படித்த, தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் எப்படி இரண்டு முறை ஸ்கேன் செய்தார் என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை. முதலில் வந்த சிறு தொகைதான் இங்கே முக்கியமான கருவி. உங்களுக்குப் பணம் தந்த ஒருவரை, உங்களிடம் பணம் பறிக்க வந்தவராக மனம் உடனே மாற்றிப் பார்ப்பதில்லை. இரண்டாவது ஸ்கேனோ ஆசையால் நடப்பதில்லை, போன 20,000-ஐ மீட்கும் பதற்றத்தில் நடப்பது.

பிரேசர் டவுன் ஆர்டர் தொடர்கிறது

சரி, நம் கேக் கதைக்கு வருவோம். 11.20-க்கு வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வருகின்றன: ராணுவ அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார். பெரும்பாலும் இவை வேறு யாரிடமோ ஏமாற்றி வாங்கிய படங்களாகவோ, போலியாகவோ இருக்கும். நீங்கள் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உண்மையாகக் கேக் வாங்க வருபவர் யாரும் ஆதார் காட்டுவதில்லை.

11.40-க்கு வேறொருவர் பேசுகிறார். 'அக்கவுன்ட்ஸ் பிரிவு' என்று அறிமுகம். "மேடம், ஆர்மி அக்கவுன்ட் சிஸ்டம் வேற மாதிரி. நீங்க முதல்ல 10 ரூபாய் அனுப்பினாதான் உங்க நம்பர் வெண்டரா ரிஜிஸ்டர் ஆகும். அனுப்பினா டபுளா திரும்பி வரும்." 10 ரூபாய்தானே என்று அனுப்புகிறீர்கள். ஒரு நிமிடத்தில் 20 ரூபாய் வருகிறது. சிஸ்டம் வேலை செய்கிறது!

12.05-க்கு ஒரு எஸ்எம்எஸ்: உங்கள் கணக்கில் 1,80,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது. கூடவே போன். இம்முறை குரலில் நடுக்கம். "மேடம், 18,000 போடறதுக்குப் பதிலா ஒரு ஜீரோ கூடப் போட்டுட்டேன். கவர்மென்ட் பணம், என் வேலை போயிடும். மீதி 1,62,000 திருப்பி அனுப்பிடுங்க. ஒரே தடவைல போகாது, முதல்ல 50,000 அனுப்புங்க, ப்ளீஸ்."

இதுதான் கூடுதல் பணம் அனுப்பும் தந்திரத்தின் இந்திய வடிவம். மேற்கு நாடுகளில் இது பல ஆண்டுகளாகப் போலிக் காசோலையை வைத்து நடக்கிறது. பொருளின் விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை வரும், மீதியைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள், நீங்கள் அனுப்பிய பிறகு காசோலை போலி என்று வங்கி திருப்பிவிடும். காசோலை தீர்வாக எடுக்கும் நாட்கள்தான் அங்கே மோசடிக்காரரின் மூலதனம். யுபிஐ-யில் அந்த இடைவெளி கிடையாது, பணம் வந்தால் உடனே வந்துவிடும். அதனால் இங்கே காசோலையின் இடத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸையும், நாட்களின் இடத்தில் உங்கள் பதற்றத்தையும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து கணக்கு அறிக்கையைப் பார்த்தால் என்ன இருக்கும்? 10 ரூபாய் போயிருக்கும், 20 ரூபாய் வந்திருக்கும். அந்த 'ராணுவ யூனிட்'டிடமிருந்து உங்களுக்கு வந்த நிகரத் தொகை 10 ரூபாய். 1,80,000 எங்கும் இருக்காது. நீங்கள் 50,000 அனுப்பினால் அது முழுக்க உங்கள் சொந்தப் பணம்.

அந்த எஸ்எம்எஸ் எப்படி வந்தது?

அவர் தன் போனிலேயே டைப் செய்து அனுப்பியதுதான். வங்கி வாசகத்தை அப்படியே எழுதி, உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டால் போதும். ஆனால் அனுப்பியவர் என்ற இடத்தில் சாதாரண 10 இலக்க மொபைல் எண் இருக்கும். வங்கிகளின் செய்தி அப்படி வராது. அது எழுத்துகளால் ஆன ஒரு தலைப்புப் பெயரிலிருந்து வரும். 2025 மே முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் எழுத்தும் சேர்கிறது: சேவைச் செய்திக்கு -S, பரிவர்த்தனைச் செய்திக்கு -T, விளம்பரத்துக்கு -P, அரசுச் செய்திக்கு -G.

இருந்தாலும் எஸ்எம்எஸ்ஸை ஆராய்ந்து முடிவெடுக்கும் பழக்கமே வேண்டாம் என்பேன். ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். 'பேமென்ட் சக்சஸ்' என்று டிக் போட்ட படத்தை உருவாக்கித் தரவே போலிச் செயலிகள் இருக்கின்றன. படத்தில் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்கூட அச்சாக இருக்கும். பணம் வந்ததா என்ற கேள்விக்கு உங்கள் வங்கிச் செயலியில் தெரியும் இருப்பும் அறிக்கையும் மட்டுமே பதில்.

க்யூஆர் கோடுக்குள் என்ன இருக்கிறது?

எஸ்எம்எஸ் பலிக்கவில்லை என்றால் அடுத்து வருவது க்யூஆர். அது மாயப் படம் ஒன்றும் இல்லை. ஸ்கேன் செய்தால் கிடைப்பது இப்படி ஒரு வரி:

```
upi://pay?pa=example@bank&pn=ARMY%20VENDOR&am=18000&cu=INR&tn=Receive%20payment
```

இரண்டாவது சொல்லைப் பாருங்கள்: `pay`. செலுத்து. இந்தக் கோடு உங்கள் செயலிக்குச் சொல்வது, `pa`-வில் இருக்கும் முகவரிக்கு `am`-இல் இருக்கும் 18,000 ரூபாயை அனுப்பு என்பதுதான். `tn` என்பது குறிப்பு மட்டும். அதில் 'பணம் பெறுதல்' என்று எழுதியிருப்பதால் பணம் வந்துவிடாது, அது கோடை உருவாக்கியவர் விருப்பப்படி எழுதிய வாசகம். `pn` என்ற பெயரும் அதே கதைதான். இதனால்தான் 2025 ஜூன் 30-க்குள் எல்லா யுபிஐ செயலிகளும், பணம் பெறுபவரின் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் உத்தரவிட்டது. 'ஆர்மி வெண்டர்' என்று கோடு சொல்ல, திரையில் யாரோ ஒரு தனி நபரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இன்னொரு வழியும் இருந்தது. உங்களுக்குப் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பி, அதைப் பணம் வருவதுபோல் காட்டி பின் போட வைப்பது. தனி நபர்களுக்கிடையிலான அந்தக் கோரிக்கை வசதியே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. க்யூஆர் வழி அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது கடைக்கடையாக நாம் எல்லோரும் பயன்படுத்தும் அதே வழி. யுபிஐ-யில் பணம் பெற ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பணம் அனுப்பவும், இருப்பு பார்க்கவும்தான் பின் கேட்கும்.

உண்மையாகவே பணம் வந்துவிட்டால்?

இந்த வகையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் என் கணிப்பில், விவரம் தெரிந்த இளம் விற்பனையாளர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். நீங்கள் செயலியைத் திறந்து பார்க்கிறீர்கள், பணம் நிஜமாகவே இருக்கிறது. 12,000 ரூபாய் பொருளுக்கு 30,000 வந்திருக்கிறது. 'கவனிக்காம போட்டுட்டேன், மீதி 18,000-ஐ என் தம்பி நம்பருக்கு அனுப்பிடுங்க' என்கிறார் வாங்குபவர். அனுப்பிவிடுகிறீர்கள். பொருளையும் கூரியரில் போட்டுவிடுகிறீர்கள்.

அந்த 30,000 அவருடையதே இல்லை. வேறொரு மாநிலத்தில் வேறொருவரை ஏமாற்றி, அந்த நபரையே உங்கள் கணக்குக்கு அனுப்ப வைத்திருக்கிறார். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் பணம் போன பாதையைப் பின்தொடர்கிறார்கள். முதலில் வருவது உங்கள் கணக்கு. வங்கி அந்தத் தொகையை, சில சமயம் கணக்கையே, முடக்கி வைக்கிறது. திருடிய பணத்தைச் சுத்தமான பணமாகவும் பொருளாகவும் மாற்றிக் கொடுத்த இடைத்தரகர் போல நீங்கள் நிற்பீர்கள். சம்பளம் வரும் கணக்கும் விற்பனைக் கணக்கும் ஒன்றாக இருந்தால் வீட்டு வாடகை வரை சிக்கல்.

ஆகவே உண்மையில் கூடுதலாகப் பணம் வந்தால் அதைத் தொடாதீர்கள். வந்த கணக்கைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக்கு மின்னஞ்சலில் தேதி, தொகை, பரிவர்த்தனை எண் கொடுத்து, 'இந்தத் தொகை எனக்குரியதல்ல, வந்த கணக்குக்கே வங்கி வழியாகத் திருப்புங்கள்' என்று எழுதுங்கள். வாங்குபவரிடமும் 'உங்க வங்கியில சொல்லுங்க, அவங்க எங்க வங்கியிடம் கேட்டதும் திரும்பி வந்துடும்' என்று சொல்லலாம். நேர்மையாகத் தவறு செய்தவருக்கு அதில் ஒரு தாமதம் மட்டுமே. ஏற்கெனவே முடக்கிவிட்டார்கள் என்றால், எந்த ஊர்க் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, பில், உரையாடல், கூரியர் ரசீதுடன் அந்த அதிகாரிக்கு எழுத வேண்டும். காவல்துறை குறிப்பிட்ட தொகையை மட்டும் முடக்கினால் போதும், மொத்தக் கணக்கையும் அல்ல என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியிருப்பதையும் அதில் சுட்டிக்காட்டலாம்.

முதல் அழைப்பிலேயே தெரிவது

மேலே சொன்ன அழைப்பைத் திரும்ப வாசியுங்கள். 80 கேக் கேட்டவர் கேட்காமல் விட்டவை நிறைய. முட்டை சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்கவில்லை. ஒரு சாம்பிள் கேட்கவில்லை. மொத்தமாக வாங்கினால் விலை குறையுமா என்று கேட்கவில்லை. பில் வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கே வந்து எடுக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. சிவாஜிநகர் மார்க்கெட்டில் 5 கிலோ வெங்காயம் வாங்குபவர்கூட இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்பார். 36,000 ரூபாய் ஆர்டரை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, பொருளைவிட உங்கள் ஜிபே எண்ணில் ஒருவர் அதிக ஆர்வம் காட்டுகிறார் என்றால், அந்த இடத்திலேயே சந்தேகப்படலாம். அதுவே முதல் அடையாளம், அடையாள அட்டைப் படம் வருவதற்கும் முந்தையது.

இரண்டாவது அடையாளம், பணம் கொடுக்கும் முறையை அவர் தீர்மானிப்பது. ராணுவமோ, சிஐஎஸ்எஃபோ, பள்ளியோ, பெரிய நிறுவனமோ, யாரும் விற்பவரிடம் முதலில் 10 ரூபாய் வாங்கிப் பதிவு செய்வதில்லை. அரசுத் துறைகளின் கொள்முதல் ஜெம் தளம் வழியாகவோ, விலைப்புள்ளி கேட்டோ நடக்கும். பில் கொடுத்த பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வரும், அதுவும் பெரும்பாலும் தாமதமாக. ஒரு ராணுவ வீரர் தன் வீட்டு விழாவுக்குக் கேக் வாங்கினால் எல்லோரையும் போல உங்கள் எண்ணுக்கு யுபிஐ-யில் அனுப்புவார், அவ்வளவுதான்.

கேக்குக்கு இருப்பது போலவே மற்றத் தொழில்களுக்கும் வேடங்கள் உண்டு. பி2பி தளங்களில் பொருள் போடுபவர்களுக்கு 5,000 பீஸ் கேட்டு ஒரு கொள்முதல் ஆணை வரும், பின்னாலேயே 'வெண்டர் பதிவுக் கட்டணம்' அல்லது 'ரீஃபண்டபிள் டெபாசிட்' கேட்பார்கள். வெளிநாட்டு வாங்குபவர் என்றால் ஏதோ ஒரு சான்றிதழ், அதை அவர் சொல்லும் ஏஜென்ட்டிடம்தான் எடுக்க வேண்டும். அல்லது கூடுதலாக அட்வான்ஸ் போட்டதாகச் சொல்லி, 'எங்க டிரான்ஸ்போர்ட்காரருக்கு அதிலேர்ந்து நீங்களே 15,000 கொடுத்துடுங்க' என்பார்கள். உடை மாறினாலும் ஒன்று மாறாது: வாங்குபவர் என்று வந்தவரின் கதையில், எங்கோ ஓரிடத்தில் விற்பவர் பணம் அனுப்ப வேண்டியிருக்கும்.

சந்தேகம் வந்தால் சண்டை போட வேண்டியதில்லை. 'அட்வான்ஸை இந்த வங்கிக் கணக்குக்கு, இந்த ஐஎஃப்எஸ்சி-க்குப் போடுங்க. என் ஆப்ல காட்டினதும் வேலை ஆரம்பிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்து பாருங்கள். நிறுவனம் என்றால் ஜிஎஸ்டி எண் கேட்டு, gst.gov.in தளத்தில் வரி செலுத்துவோர் தேடல் பகுதியில் பெயரும் முகவரியும் பொருந்துகிறதா என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். இவை பொருந்துவது மட்டும் போதாது, ஏனென்றால் வேறொருவரின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுப்பதும் எளிது. திரும்ப அழைப்பதுதான் உண்மையான சோதனை. நம் கேக் ஆர்டருக்கு இன்னும் சுலபமான வழி உண்டு: "சார், பக்கத்துலதான் இருக்கேன், சாம்பிள் எடுத்துட்டு கேட்டுக்கு வரேன், யார் பேரைச் சொல்லணும்?" இதற்குப் பிறகு பெரும்பாலும் அழைப்பு துண்டிக்கப்படும்.

இவர்கள் யார்?

ஒரே இடத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனால் ராஜஸ்தான், ஹரியானா, உத்தரப்பிரதேசம் சந்திக்கும் மேவாத் பகுதியின் பெயர் வழக்குகளில் அடிக்கடி வருகிறது. 2023 ஏப்ரலில் ஹரியானாவின் நூ மாவட்டத்தில் 14 கிராமங்களில் சுமார் 5,000 காவலர்கள் ஒரே இரவில் சோதனை நடத்தினார்கள். போலி ஆவணங்களில் வாங்கிய சிம் கார்டுகளும் வங்கிக் கணக்குகளும் சிக்கின. உங்களிடம் பேசும் எண்ணையோ, பணம் கேட்கும் கணக்கின் பெயரையோ வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்: இரண்டுமே வேறு யாரோ ஒருவருடையவை.

பணம் போய்விட்டது, இப்போது என்ன?

1930-க்கு அழையுங்கள். வரி கிடைக்கவில்லை என்றால் cybercrime.gov.in தளத்தில் பதிவு செய்யுங்கள். 2021-இல் 155260 என்ற எண்ணில் தொடங்கிய அதே உதவி எண்தான் இது. புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் செல்கிறது. அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை அவர்கள் நிறுத்தி வைக்கிறார்கள். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அங்கே தகவல் போகும். ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் நாட்கள் அல்ல, நிமிடங்கள் கணக்கு. இரண்டாவது க்யூஆரை ஸ்கேன் செய்யும் நேரத்தில் இந்த அழைப்பைச் செய்யலாம்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: பரிவர்த்தனை எண், தொகை, நேரம், பணம் போன யுபிஐ முகவரி, பேசிய மொபைல் எண். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பெங்களூரில் நேரில் போக வேண்டுமென்றால் உங்கள் காவல் பிரிவின் சென் காவல் நிலையம். ஆள்மாறாட்டம் செய்து இணையத்தில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் வருகிறது, மூன்று ஆண்டு வரை சிறை. மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவும் சேரும்.

வங்கியிடம் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனைக்கு மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் இழப்பு உங்களுக்கு இல்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 விதியைப் பலர் காட்டுகிறார்கள். ஆனால் இங்கே பின் போட்டது நீங்கள். அதனால் வங்கிகள் இதை 'அனுமதியற்ற பரிவர்த்தனை' என்று எளிதில் ஏற்பதில்லை. மீட்பு என்று நடந்தால் அது 1930 வழியாக நிறுத்தி வைத்த தொகையிலிருந்துதான், அதுவும் பெரும்பாலும் முழுத் தொகையாக இருக்காது.

புகார் கொடுத்து சில நாட்கள் கழித்து இன்னொரு அழைப்பு வரக்கூடும். "சைபர் செல்லிலிருந்து பேசுறோம், உங்க 50,000 ரெகவர் ஆயிடுச்சு." உங்கள் பெயர், தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் எடுத்தவர்களுக்கு அது தெரியும். பணத்தைப் பெற ஒரு க்யூஆர் அனுப்புவதாகச் சொல்வார்கள்.